ஜி.எஸ்.டி சம்மன் வந்திருக்கா? கையில் என்ன எடுத்துப் போகணும், எதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது?

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பட்டாசுப் பெட்டிக்கான அட்டை, லேபிள், ஆண்டு முடிவில் காலண்டர் என்று வருடம் முழுக்க வேலை. ஒரு நாள் காலையில் தபால்காரர் ஒரு பதிவுத் தபால் தருகிறார். மேலே அரசு முத்திரை. உள்ளே ‘மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017, பிரிவு 70-ன் கீழ் சம்மன்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. ‘இந்தத் தேதியில், காலை 11 மணிக்கு, கீழ்க்கண்ட ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டும்’ என்கிறது கடிதம். ஆஜராகாவிட்டால் என்ன ஆகும் என்று கடைசிப் பத்தியில் இரண்டு குற்றவியல் பிரிவுகள். இடம் மதுரை, பீபிகுளம், மத்திய வருவாய் கட்டடம்.

அண்ணாச்சி வீட்டில் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ‘அரெஸ்ட் பண்ணிருவாங்களோ’ என்கிறார் வீட்டம்மா. ‘தெரிஞ்ச ஆளை வச்சுப் பேசிப் பார்ப்போம்’ என்கிறார் மச்சான். இரண்டுமே அவசரம். முதலில் அந்தக் காகிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சம்மன் என்றால் என்ன?

வரித்துறையிலிருந்து வரும் காகிதம் எல்லாமே சம்மன் இல்லை. உங்கள் ரிட்டர்னில் இருக்கும் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். ‘இவ்வளவு வரி ஏன் கட்டக் கூடாது’ என்று காரணம் கேட்கும் நோட்டீஸ் ஒன்று வரும். இவற்றுக்கு எழுத்தில் பதில் தரலாம், ஆடிட்டரை அனுப்பலாம். சம்மன் அப்படியல்ல. ஒரு விசாரணை நடக்கிறது, அதில் உங்கள் வாக்குமூலமோ உங்களிடம் இருக்கும் ஆவணமோ தேவைப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். சிவில் நீதிமன்றம் ஒரு சாட்சியை அழைக்கும் அதே அதிகாரத்தில் அழைக்கிறார்கள். அந்த விசாரணையை நீதிமன்ற நடவடிக்கையாகவே சட்டம் பார்க்கிறது. அதனால் அங்கே பொய் சொன்னால், நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொன்னதுபோலத்தான். ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

சம்மன் வந்தாலே நீங்கள் குற்றவாளி என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் மீதான விசாரணையில் சாட்சியாகவும் கூப்பிடலாம். நீங்கள் எந்த நிலையில் அழைக்கப்படுகிறீர்கள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று, 2022 ஆகஸ்ட் 17-ல் மத்திய மறைமுக வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கே அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. யார் மீதான விசாரணை என்பதை முடிந்தவரை சம்மனில் குறிப்பிட வேண்டும், ஜி.எஸ்.டி போர்ட்டலிலேயே கிடைக்கும் ஆவணங்களைக் கேட்டு சம்மன் அனுப்பக் கூடாது. உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அழைத்த தேதியில் அழைத்த அதிகாரி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நடைமுறையில் எல்லா சம்மனும் இப்படியே வருவதில்லை. ஆனாலும் இந்த அறிவுறுத்தல் இருப்பது தெரிந்திருந்தால், ‘எந்த விஷயமாக அழைத்திருக்கிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கடிதம் எழுதிக் கேட்கத் தயக்கம் இருக்காது.

அண்ணாச்சியின் சம்மனில் ஒரு பேப்பர் ஏஜென்சியின் பெயர் இருந்தது. 2022-23-ல் அவர்களிடம் வாங்கிய அட்டைக்கான பில், பணம் கொடுத்த விவரம், சரக்கு வந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். அந்த ஏஜென்சியின் பதிவு ரத்தாகிவிட்டது. கொடுத்த முகவரியில் அப்படி ஒரு கடையே இல்லை. அவர்கள் பில் கொடுத்த அத்தனை பேருக்கும் சம்மன் போயிருக்கிறது, அதில் ஒருவர் நம் அண்ணாச்சி.

நிஜ சம்மனா, போலியா?

இப்போது போலி சம்மன்களும் உலவுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப், உடனே கூப்பிடச் சொல்லி ஒரு செல்போன் நம்பர், கூப்பிட்டால் ‘செட்டில் பண்ணிக்கலாம்’ என்று ஒரு குரல். இதற்கு ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. மத்திய ஜி.எஸ்.டி அலுவலகம் அனுப்பும் கடிதத்தில் ‘டின்’ எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். 2019 நவம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. esanchar.cbic.gov.in/DIN/DINSearch என்ற பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்த அலுவலகம் எந்தத் தேதியில் வெளியிட்டது என்று காட்டும். 2025 செப்டம்பருக்குப் பிறகு, மின் அலுவலகம் வழியாக அனுப்பும் கடிதங்களில் டின்னுக்குப் பதில் வெளியீட்டு எண் மட்டும் இருக்கலாம். அதை verifydocument.cbic.gov.in-ல் பார்க்க வேண்டும். இரண்டு முகவரியும் gov.in என்று முடிகின்றனவா என்று கவனியுங்கள். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் லிங்க்கைத் தொடாமல் நீங்களே டைப் செய்யுங்கள். மாநில வணிகவரித் துறையிலிருந்து வந்திருந்தால், அந்த அலுவலகத்துக்கு நேரிலோ, அதன் அதிகாரபூர்வ எண்ணிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

‘வீடியோ காலில் விசாரணை, கேமராவை அணைக்கக் கூடாது’ என்று மிரட்டினால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

போகாமல் இருக்கலாமா?

கூடாது. ஆஜராகத் தவறினால் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போட ஜி.எஸ்.டி சட்டத்தில் இடமிருக்கிறது. தொடர்ந்து தவிர்த்தால் குற்றவியல் புகார் வரை போகும். பணம்கூடப் பெரிதில்லை. ‘இவர் ஒளிகிறார்’ என்ற எண்ணம் கோப்பில் ஏறிவிடும், அதை அழிப்பதுதான் சிரமம்.

அந்தத் தேதியில் போக முடியாத நிஜமான காரணம் இருக்கலாம். தீபாவளிக்கு முன் லோடு ஏறும் நாட்களில் சிவகாசியில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. உடம்பு சரியில்லாமலும் போகலாம். அப்போது தேதி வருவதற்கு முன்பே கடிதம் எழுத வேண்டும். காரணத்தைச் சொல்லி, நீங்களே இன்னொரு தேதியையும் குறிப்பிடுங்கள். உடல்நிலை என்றால் டாக்டர் சான்றிதழ் இணையுங்கள். இமெயிலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினால் ஆதாரம் கையில் இருக்கும். போனில் சொன்னது கணக்கில் வராது.

‘எனக்குப் பதில் ஆடிட்டர் போகலாமா?’ என்பது எல்லோரும் கேட்பது. 2024 நவம்பர் முதல் தேதியில் அமலுக்கு வந்த ஒரு திருத்தத்தின்படி, நேரிலோ அதிகாரம் பெற்ற பிரதிநிதி மூலமோ, அதிகாரி எப்படிச் சொல்கிறாரோ அப்படி ஆஜராக வேண்டும். முடிவு அதிகாரியுடையது. ஆவணம் மட்டும் போதும் என்றால் பிரதிநிதியை அனுமதிக்கலாம். வாக்குமூலம் வேண்டும் என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். முதியவர், படுக்கையில் இருப்பவர் என்றால் அதைச் சொல்லி எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வக்கீல் பக்கத்தில் உட்காரலாமா? இதற்கு உச்ச நீதிமன்றம் 1992 மே 14-ல் பூல்பாண்டி வழக்கில் பதில் சொல்லிவிட்டது. சுங்கச் சட்டத்திலும் அந்நியச் செலாவணிச் சட்டத்திலும் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கு அது. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் அந்தக் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, ஆகவே வக்கீல் உடனிருக்க வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது என்பது தீர்ப்பு. ஆனால் பயப்படக் காரணம் இருப்பவர்கள் நீதிமன்றத்தை அணுகியபோது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பேச்சு காதில் விழாத இடத்தில் வக்கீல் இருக்க நீதிமன்றங்கள் அனுமதித்ததும் உண்டு. கைது செய்யும் அதிகாரமும் விசாரிக்கும் அதிகாரமும் உள்ள மத்திய அமைப்புகளின் அலுவலகங்களில் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

பையில் என்னென்ன?

அண்ணாச்சியின் ஆடிட்டர் முதலில் கேட்டது பில் இல்லை. “அட்டை உண்மையிலேயே வந்துச்சா அண்ணாச்சி?” என்றுதான் கேட்டார். “வந்துச்சு சார். நம்ம ஆளுங்கதான் இறக்குனாங்க” என்றார் அவர். “அப்போ அதை நிரூபிக்கிற காகிதத்தைத் தேடுங்க.”

விஷயமே இதுதான். உள்ளீட்டு வரி வரவை எடுக்க பில் மட்டும் இருந்தால் போதாது. சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும், விற்றவர் வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். விற்றவர் கட்டினாரா என்பது அண்ணாச்சியின் கையில் இல்லை. சரக்கு வந்தது என்பதை அவரால் காட்ட முடியும்.

கணக்கு இதுதான்: கிலோ 50 ரூபாய் வீதம் 10 டன் டியூப்ளக்ஸ் அட்டை, மூன்று லோடாக. 3,600 கிலோ, 3,400 கிலோ, 3,000 கிலோ. விலை 5 லட்சம். அப்போதைய 12 சதவீத வரி 60 ஆயிரம். இந்த 60 ஆயிரத்தைத்தான் வரவாக எடுத்திருக்கிறார்.

ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனி கட்டாகக் காகிதம் சேர்த்தார்கள். பில், இ-வே பில், லாரி ரசீது, எடைமேடைச் சீட்டு, அச்சகத்தின் வரவுப் பதிவேட்டில் அந்த நாள் பக்கம், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட். கூடவே, அந்த அட்டை எந்த வேலைக்குப் போனது என்று காட்ட ஜாப் கார்டு, எந்தப் பட்டாசு ஆலைக்கு எத்தனை பெட்டி அடித்துக் கொடுத்தார் என்ற விற்பனை பில். வந்த அட்டையும் போன பெட்டியும் எடையில் ஏறக்குறைய ஒத்துப்போனால், அதைவிடப் பலமான சாட்சி வேறில்லை.

இரண்டாவது லோடில் ஒரு சிக்கல் தெரிந்தது. இ-வே பில்லில் இருந்த வண்டி எண்ணை வாகன் தளத்தில் போட்டால், அது ஒரு ஸ்கூட்டர்! மூன்று டன்னுக்கு மேல் அட்டையை ஸ்கூட்டரில் கொண்டுவந்ததாகக் காகிதம் சொல்கிறது. போலி பில்லைப் பிடிக்க அதிகாரிகள் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. லாரி ரசீதை எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒரு இலக்கம் மாறி டைப் ஆகியிருக்கிறது. ரசீதில் இருக்கும் எண் சரக்கு வண்டியுடையது, எடைமேடைச் சீட்டிலும் அதே எண். வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்ததால், அங்கே போய்த் திகைக்காமல் தானாகவே எடுத்துச் சொல்ல முடியும். உங்கள் இ-வே பில்களையும் போவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது லோடுக்கு எடைமேடைச் சீட்டு கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று தயாரித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்கவே வேண்டாம். இல்லாத ஒரு சீட்டால் கொஞ்சம் பலவீனம் வரும், அவ்வளவுதான். செய்த ஒரு சீட்டு மாட்டினால், உண்மையான மற்ற காகிதங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கொடுக்கப்போவது எல்லாம் நகல். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து, முத்திரை. மேலே ஒரு கடிதம். என்னென்ன ஆவணம், எத்தனை பக்கம் என்று வரிசை எண்ணோடு. அந்தக் கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அசலை ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டலாம். எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னால், அதற்கான கைப்பற்றல் ஆணையும் பட்டியலும் கேளுங்கள். கேட்காத காகிதத்தைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போவதில் பலனில்லை. கேட்டது மட்டும் போதும்.

மற்றபடி சம்மனின் அசல், ஆதார், பான் கார்டு, ஜி.எஸ்.டி பதிவுச் சான்றிதழ். கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர் ஒப்பந்தத்தின் நகல். படிக்கும் கண்ணாடியை மறக்கவே கூடாது, ஏன் என்று கீழே தெரியும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு நாளைக்கானதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பிஸ்கட்டும். பதினோரு மணிக்கு அழைத்தால் பதினோரு மணிக்கே ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது, எப்போது முடியும் என்பதும் தெரியாது.

அந்த அறைக்குள்

சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். காலை பஸ்ஸைப் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, பத்தரைக்குள் அலுவலகத்தில் இருப்பது நல்லது. வாசலில் பார்வையாளர் பதிவேடு இருந்தால் பெயரோடு நேரத்தையும் எழுதுங்கள். வெளியே வரும்போதும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அதிகாரியை ‘சார்’, ‘மேடம்’ என்று அழைத்தால் போதும். கும்பிட்டுக் குழைய வேண்டாம், ‘மேலிடத்துல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்’ என்று உதார் விடவும் வேண்டாம். விசாரணை நீதிமன்ற நடவடிக்கையாகக் கருதப்படுவதால், அதிகாரியை அவமதிப்பதும் குற்றம். செல்போனை வெளியே வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். திருட்டுத்தனமாக ரெக்கார்ட் செய்வது வம்பு.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ‘இந்த ஏஜென்சி ஓனரைத் தெரியுமா?’ என்றால் தெரியும் அல்லது தெரியாது. அண்ணாச்சி உண்மையில் ஓனரைப் பார்த்ததே இல்லை. ஒரு புரோக்கர் மூலம் ஆர்டர் கொடுத்தார். அதைத்தான் சொல்ல வேண்டும். ‘பாத்த மாதிரி இருக்கு’ என்று மழுப்பினால் அடுத்த அரை மணி நேரம் அதிலேயே போகும். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியும் தொகையும் யாருக்கும் மனப்பாடமாக இருக்காது. ‘பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்’, ‘இப்போது நினைவில்லை, எழுத்தில் தருகிறேன்’ என்பவை முறையான பதில்கள். உத்தேசமாகச் சொன்ன ஒரு எண் வாக்குமூலத்தில் ஏறிவிட்டால், பிறகு உங்கள் பதிவேடே உங்களுக்கு எதிராகப் பேசும்.

பக்கத்து அச்சகத்துக்காரரும் அங்கேதான் வாங்குகிறாரா என்றால், நேரில் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். டீக்கடையில் கேள்விப்பட்டது வாக்குமூலம் ஆகாது.

‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்

எல்லாக் கேள்வியும் முடிந்ததும், கம்ப்யூட்டரில் அடித்த நாலைந்து பக்கத்தைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மணி அநேகமாக மாலை ஐந்தைத் தாண்டியிருக்கும். பசி, தலைவலி, கடைசி பஸ் கவலை. ‘எங்கே கையெழுத்துப் போடணும்?’ என்று கேட்கத் தோன்றும் நேரம் அது. வீட்டில் நடுங்கியதெல்லாம் வாசலில் நுழைவதற்காக. உண்மையில் கவனம் வேண்டியது இந்த நிமிடத்தில்தான்.

அண்ணாச்சி சொன்னது: ‘அந்த ஏஜென்சி போலி என்று எனக்குத் தெரியாது. போர்ட்டலில் பதிவு செல்லுபடி என்று காட்டியது. சரக்கு வந்தது, பேங்க் மூலம் பணம் கொடுத்தேன்.’ அடித்த காகிதத்தில், ‘தகுதியில்லாத வரி வரவை எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ‘தெரிந்தே’ என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் நிலைமை தலைகீழ்.

2022-23-க்கான சட்டத்தில் இரண்டு பாதை உண்டு. மோசடி நோக்கம் இல்லாமல் நடந்த தவறு என்றால், 60 ஆயிரம் வரியும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும். நோட்டீஸ் வருவதற்கு முன் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. கட்டாமல் ஆணை வரை போனால் பத்து சதவீதம் அல்லது பத்தாயிரம், எது அதிகமோ அது. தெரிந்தே செய்த மோசடி என்றால், வரிக்குச் சமமான அபராதம், அதாவது இன்னொரு 60 ஆயிரம். நோட்டீஸுக்கு முன்பே கட்டினாலும் 15 சதவீதம் அபராதம் உண்டு. நோட்டீஸ் அனுப்ப அதிகாரிகளுக்குக் கிடைக்கும் கால அவகாசமும் கூடுதல். ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை.

ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் வராது என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: ‘சார், எனக்குத் தமிழ்தான் எழுதப் படிக்கத் தெரியும். என் வாக்குமூலத்தைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன்.’ இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆங்கிலத்தில்தான் அடித்திருக்கிறார்கள் என்றால், தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் ‘எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரி இருக்கும். உண்மையில் படித்துக் காட்டியிருந்தால் மட்டும் அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் சொல்லாத வரி இருந்தால் திருத்தக் கேளுங்கள். திருத்த மறுத்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ‘நான்காவது பதிலில் உள்ள இந்த வரியை நான் சொல்லவில்லை’ என்று எழுதலாம். சண்டை தேவையில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, தேதி, கடைசிப் பக்கத்தில் நேரமும். பாதி காலியாக இருக்கும் பக்கத்தில் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள்.

நகல் கேட்டுப் பாருங்கள். அங்கேயே தரமாட்டேன் என்று சொல்வதும் உண்டு. அப்படியானால் வெளியே வந்ததும் டீ குடிப்பதற்கு முன்பே, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும்.

‘இன்னைக்கே கட்டிருங்க’ என்றால்?

வாக்குமூலம் முடிந்த கையோடு, ‘போர்ட்டலில் டி.ஆர்.சி-03 போட்டு இப்பவே கட்டிட்டா முடிஞ்சுது’ என்ற பேச்சு வரலாம். டி.ஆர்.சி-03 என்பது நாமே முன்வந்து வரி கட்டும் படிவம். நாமே முன்வந்து என்பதுதான் அதன் உயிர். விசாரணையின்போது கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று 2022 மே 25-ல் வாரியமே தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2025 பிப்ரவரி 27-ல் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கைது செய்வோம் என்று பயமுறுத்தி வரி கட்ட வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது.

அதற்காக, கட்டவே கூடாது என்று அர்த்தமில்லை. தவறு நடந்திருந்தால் நோட்டீஸுக்கு முன்பே கட்டுவதில் எவ்வளவு மிச்சம் என்று மேலே பார்த்தோம். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டிய இடம் வேறு. ‘ஆடிட்டரோடு கணக்குப் பார்த்து, இத்தனை நாளில் எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். ரொக்கமாக யார் எதைக் கேட்டாலும், ரசீது இல்லாத பணம் வரி அல்ல.

திரும்பி வந்த பிறகு

மறுநாள் ஆடிட்டரோடு உட்கார்ந்து, நோட்டில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். தவறாகச் சொல்லிவிட்டோம், மிரட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று தோன்றினால், உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்தப் பதில், எது தவறு, சரியானது எது, அதற்கு ஆதாரம் எது என்று குறிப்பாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்த ஓரிரு நாளில் அனுப்பிய கடிதத்துக்கு நீதிமன்றத்தில் ஒரு மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்ததும் ‘அன்று மிரட்டினார்கள்’ என்றால், ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அண்ணாச்சி தருவதாகச் சொன்ன விவரம் ஒன்று பாக்கி இருக்கிறது: புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்த தேதிகள். சொன்ன நாளுக்குள் அதைக் கொடுத்து, ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு என்ன நடக்கும் என்பது விசாரணையைப் பொறுத்தது. மறுபடி அழைக்கலாம். வரி கேட்டு நோட்டீஸ் வரலாம். அப்போது அவருடைய வாக்குமூலத்தை ஆதாரமாகக் காட்டியிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம், பதில் சொல்ல வாய்ப்பும் மேல்முறையீடும் உண்டு. எதுவுமே வராமலும் போகலாம்.

எதுவும் வரவில்லை என்று அந்த மூன்று கட்டுக் காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2022-23-க்கு அந்தக் கடைசித் தேதி 2023 டிசம்பர் 31. ஆக, அந்த எடைமேடைச் சீட்டுகளை 2029 டிசம்பர் முடியும்வரையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விசாரணையோ அப்பீலோ அதற்குள் முடியவில்லை என்றால், முடிந்த பிறகும் ஒரு வருடம். எடைமேடைச் சீட்டின் அச்சு வெயில் பட்டாலே மங்கிவிடும் ரகமாக இருந்தால், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அதோடு பின் அடித்துவிடுங்கள்.